லாபம்

நிஷா ஊசியும் நூலுமாக என் வாசலில் வந்து நின்றபோது மணி மூன்று இருக்கும். குன்னூரில் அந்த நேரத்துக்கு மேல் மஞ்சு இறங்கிவிடும். கதவைத் திறந்தால் ஆளோடு சேர்ந்து அதுவும் உள்ளே வரும்.

"ஆன்ட்டி, ஒண்ணு குறையுது."

"எண்ணுறதுல விட்டிருப்பே."

"ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதமான பெண். ஏழாம் மாதக் கர்ப்பம். குழந்தைக்குத் தானே போர்வை பின்ன வேண்டும் என்று ஆசை. ஊட்டியில் திபெத்தியர் கடைகளில் ஸ்வெட்டர் குவிந்து கிடக்கும் காலத்தில், பின்னக் கற்றுக்கொடுங்கள் என்று ஒருத்தி கேட்டால் யாருக்குத்தான் மனசு குளிராது? எட்டாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி கொடுத்து, என் பழைய நோட்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் உள்ள அலை டிசைன் என் ஓரகத்தி சரோஜாக்கா 1985-இல் தன் கையால் எழுதிக் கொடுத்தது. ஷெட்லாந்து என்று ஸ்காட்லாந்துக்கும் வடக்கே சில தீவுகள் இருக்கின்றன, அங்குள்ள பழைய பின்னல் அது. அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் படித்த கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். நாலு வரிசை டிசைன். மூன்று வரிசை சும்மா போகும், மூன்றாவது வரிசையில்தான் எல்லா வேலையும். இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து மூன்று முறை, நூலைச் சுற்றி ஒரு கண்ணி என்று ஆறு முறை, மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. குறைந்ததும் கூடினதும் சரிக்குச் சரியாகி 18 கண்ணி 18-ஆகவே நிற்கும். ஆனால் துணி நேராக நிற்காமல் அலை அலையாக வளையும். முதல் தடவை அது கையில் வளைந்து வருவதைப் பார்க்கிற சந்தோஷத்தை இன்னொருத்தருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அக்கா அதில் 116 கண்ணி போடு என்று எழுதியிருந்தாள். நான் 116 போட்டேன். மூன்றாம் வரிசை முடிவில் கரைக்கு நாலு கண்ணி மிஞ்ச வேண்டும், எனக்கு ஐந்து மிஞ்சியது. பிரித்தேன். மறுபடி போட்டேன். ஐந்து. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் எழுதினது சரியாத்தான் இருக்கு மல்லி" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்களுக்கு நடுவில் இது போதாதா? ரசப்பொடிக்கு அளவு சொல்லும்போது ஒரு சாமானை மட்டும் விட்டுச் சொல்கிறவர்களைப் பார்த்ததில்லையா நாம்? நான் 115 போட்டுப் பார்த்தேன். அச்சாக வந்தது. அன்றைக்கே சிவப்பு பேனாவை எடுத்து 116-ஐ அடித்து, மேலே 115 என்று எழுதி, பக்கத்தில் 'தப்பு' என்றும் எழுதிவைத்தேன். அந்த 'தப்பு'வுக்குக் கீழே இரண்டு கோடு. எழுத்து பின்பக்கம் வரை இறங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு அக்காவோடு சண்டை என்று எதுவும் இல்லை. பண்டிகைக்குப் போவோம், வருவோம். ஆனால் அவள் எதைச் சொன்னாலும் இதில் எதை விட்டுச் சொல்கிறாளோ என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கும். நாற்பது வருடமாகக் கேட்கிறது.

நிஷாவின் ஊசியை வாங்கி எண்ணினேன். 114.

"நீ 114 தான்மா போட்டிருக்கே. அதான் ஒண்ணு குறையுது."

"115 ஆன்ட்டி."

"நான் எஸ்டேட் ஆபீஸில 27 வருஷம் இலை எடைக் கணக்கு எழுதினவ."

சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் மூட்டையோடு வரிசையில் நிற்கும் பெண்களிடம் அரைக் கிலோ குறைத்து எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. என் கணக்கில் தகராறு வந்ததே இல்லை. நிஷா ஒன்றும் பேசாமல் ஊசியை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் வந்தாள். எல்லாவற்றையும் பிரித்துவிட்டுப் புதிதாகக் கண்ணி போட்டிருந்தாள். இந்த முறை இருபது கண்ணிக்கு ஒரு சிவப்பு நூல் துண்டைக் கட்டி அடையாளம் வைத்திருந்தாள். ஐந்து துண்டு, அதற்குப் பிறகு பதினைந்து. கெட்டிக்காரிதான், எனக்கு இத்தனை வருடமாக அது தோன்றவில்லை.

"இப்போ எண்ணுங்க."

எண்ணினேன். முதல் துண்டு வரை 19.

"பார்த்தியா? இங்கேதான் விட்டிருக்கே."

அடுத்தது 20. அதற்கடுத்ததும் 20. எல்லாம் 20. கடைசியில் 15. முதல் பகுதியில் மட்டும்தான் ஒன்று குறைவு. அவள் ஊசியை என் கையிலிருந்து வாங்கி, அந்த முதல் பகுதியை மட்டும் விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். 20.

நான் வாங்கி எண்ணினேன். 19.

கண்ணில் கோளாறோ என்று பயம் வந்துவிட்டது. போன வருடம்தான் ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தேன்.

"ஆன்ட்டி, கொஞ்சம் சத்தமா எண்ணுங்களேன்."

விளக்கைப் போட்டேன். ஊசியை மடியில் வைத்து, கட்டை விரலால் முதல் கண்ணியை ஓரமாக நகர்த்தினேன்.

"லாபம். ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"இருங்க. லாபமா?"

"முதல் முடிச்சும்மா. அதை லாபம்னுதான் சொல்லுவோம்."

"சரி. அது கண்ணிதானே? அதையும் சேர்த்துத்தானே பின்னுறீங்க?"

ஆமாம். அதையும் சேர்த்துத்தான் பின்னுகிறேன்.

என் அம்மா மார்க்கெட்டில் அரிசிக் கடை வைத்திருந்தாள். படியால் அளக்கும்போது எந்தக் கடைக்காரரும் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள். இன்றைக்கும் குக்கரில் அரிசி போடும்போது வாய் தானாகச் சொல்லும், லாபம், ரெண்டு என்று. அதில் ஒரு நாளும் நான் தவறியதில்லை. ஊசியில் மட்டும் எப்போது 'லாபம், ஒண்ணு' என்று ஆனது? யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. முதலில் போடுவது முடிச்சுதானே, அது கண்ணியில் சேர்த்தியில்லை என்று சின்ன வயசில் நானே முடிவு செய்திருக்கலாம். இத்தனை ஸ்வெட்டர் பின்னியிருக்கிறேனே, எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். ஸ்வெட்டரில் ஒரு கண்ணி கூடினால் பக்கவாட்டுத் தையலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். யாருக்கும் தெரியாது. அலை டிசைன்தான் விடாப்பிடியாக ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்கும்.

நிஷா நோட்டின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தாள். 18-ஐ ஆறால் பெருக்கினால் 108, கரைக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு.

"116 தானே ஆன்ட்டி வருது? இதை ஏன் அடிச்சிருக்கீங்க?"

காபி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நின்றபோதுதான் மற்ற இருவரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த ஒருத்திக்கு இந்த 115-ஐ எழுதிக் கொடுத்தேன். வரவில்லை என்றாள், உனக்குக் கை பழகவில்லை என்று சொல்லி அனுப்பினேன். தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாவும் அதையே சொன்னார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான். ஊரெல்லாம் ஒரு கண்ணி குறைவாகக் கொடுத்தவள் நான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு சரோஜாக்காவுக்குப் போன் போட்டேன். இப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

"என்ன மல்லி, இந்நேரத்துல? எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?"

"இருக்காங்கக்கா. அந்த அலை டிசைன் எழுதிக் குடுத்தீங்களே."

"ஆமா."

"அதுல 116 சரிதான்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"சரிதான்னு நான் அன்னைக்கே சொன்னேனே."

"நான்தான்க்கா முதல் முடிச்சை எண்ணாம விட்டிருக்கேன். லாபம்னு சொல்லிட்டு அடுத்ததை ஒண்ணுன்னு ஆரம்பிச்சிருக்கேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ என் முன்னாடிதானே உட்கார்ந்து எண்ணினே. லாபம், ஒண்ணு, ரெண்டுன்னு."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல? தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொள்ளப் போன் போட்டவள் நான். ஆனால் மறைத்தாள் என்று நாற்பது வருடமாக நினைத்தேனே, கடைசியில் அவள் மறைத்ததும் உண்மைதானே!

"அப்போ ஏன்க்கா சொல்லலை?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. பேரனிடம் ஏதோ சொல்லி அனுப்புவது கேட்டது.

"உங்கம்மா போய் முப்பது நாள் கூட ஆகலை அப்போ. நீ அவங்க குரல்லயே லாபம்னு சொல்றே. அவங்களுக்குன்னு ஒண்ணு விடறியோன்னு நினைச்சேன். அதுல போயி என்னத்தைச் சொல்றது?"

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"அப்புறம் அதை எப்படித்தான் பின்னினே?"

"115 போட்டேன்."

"வந்துச்சில்ல?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன? குளிருக்குக் காதைக் கட்டிக்கிட்டுப் படு."

மறுநாள் நிஷா நோட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். தனக்கென்று ஒரு புது நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன் என்றாள். என் மேஜையில் உட்கார்ந்தே எழுதினாள். முதல் வரியிலேயே பேனா நின்றது.

"ஆன்ட்டி, எதை எழுதட்டும்?"

"நீலத்துல இருக்கே, அதை."

116 என்று எழுதினாள். நான் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில், 'லாபத்தையும் சேர்த்து' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.