குளச்சல் – திங்கள்நகர் சாலை மறுதார்த்தளம்: பிட்டுமினஸ் கான்கிரீட் கலவை வடிவமைப்புச் சோதனை அறிக்கை

பணி: கன்னியாகுமரி மாவட்டம், குளச்சல் – திங்கள்நகர் சாலையில் 4.2 கி.மீ. நீளத்துக்கு 30 மி.மீ. கனத்தில் பிட்டுமினஸ் கான்கிரீட், கிரேடு 2
விதிமுறை: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக விவரக்குறிப்பு, ஐந்தாம் திருத்தம், 2013
தார்: விஜி-30

ஜல்லியும் தாரும்

ஆலை முற்றத்தில் குவித்திருந்த ஜல்லியிலிருந்தே மாதிரி எடுத்தோம். கல் சார்னகைட் வகை. லாஸ் ஏஞ்சலஸ் தேய்மானம் 24 சதவீதம் (உச்ச வரம்பு 30), நீர் உறிஞ்சல் 0.6 சதவீதம் (வரம்பு 2). தாரின் ஊடுருவல் 52, மென்மையாகும் வெப்பநிலை 49 டிகிரி. எல்லாம் வரம்புக்குள்ளேயே உள்ளன.

கலவை விகிதம்: 12 மி.மீ. ஜல்லி 26, 6 மி.மீ. ஜல்லி 22, கல்தூள் 50, நீற்றிய சுண்ணாம்பு 2 சதவீதம். சல்லடையில் கடந்த அளவு: 13.2 மி.மீ. – 95, 9.5 – 80, 4.75 – 60, 2.36 – 46, 0.075 – 5.8 சதவீதம். எல்லா அளவும் கிரேடு 2 வரம்புக்குள் அமைகிறது.

மார்ஷல் சோதனை

ஒவ்வொரு தார் அளவுக்கும் மூன்று மாதிரிகள், பக்கத்துக்கு 75 அடி, 60 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து உடைத்தது. தார் அளவு மொத்தக் கலவையின் எடையில்.

| தார் % | அடர்த்தி | காற்று இடைவெளி % | தாரால் நிரம்பிய இடைவெளி % | ஸ்டெபிலிட்டி, கிலோநியூட்டன் | ஃப்ளோ, மி.மீ. |
|---|---|---|---|---|---|
| 5.00 | 2.382 | 5.6 | 65.1 | 12.1 | 2.5 |
| 5.25 | 2.392 | 4.8 | 69.7 | 13.2 | 2.8 |
| 5.50 | 2.403 | 4.0 | 74.6 | 13.6 | 3.1 |
| 5.75 | 2.412 | 3.3 | 79.0 | 12.9 | 3.6 |
| 6.00 | 2.414 | 2.8 | 82.2 | 11.7 | 4.2 |
| தேவை | – | 3–5 | 65–75 | குறைந்தது 9 | 2–4 |

ஸ்டெபிலிட்டி ஐந்து அளவிலும் 9 கிலோநியூட்டனைத் தாண்டிவிட்டது. எனவே அதை மட்டும் பார்த்துத் தார் அளவை முடிவு செய்ய முடியாது. 6 சதவீத மாதிரியை அச்சிலிருந்து எடுக்கும்போதே மேற்பரப்பில் தார் கசிந்து பளபளத்தது. ஃப்ளோவும் எல்லை மீறியது. அந்த அளவில் போட்டால் வெயிலில் தார் மேலே பொங்கி, பஸ் நிறுத்தங்களில் சக்கரத்தடம் விழும். 5 சதவீதத்திலோ இடைவெளி 5.6, மழைநீர் உள்ளே இறங்க வழியாகும். அந்தத் தார் அளவு கிரேடு 2-க்கு விதிக்கப்பட்ட 5.4 சதவீதக் குறைந்தபட்சத்துக்கும் கீழே.

காற்று இடைவெளி 4 சதவீதம் கிடைக்கும் 5.5-தான் சரியான அளவு. கல்லிடை வெற்றிடம் அங்கே 15.7 சதவீதம், மார்ஷல் கோஷன்ட் 4.4. ஒரு கவலை மட்டும் உண்டு: நிரம்பிய இடைவெளி 74.6, அதாவது 75 என்ற உச்சத்தை ஒட்டி நிற்கிறது. தார் சற்றுக் கூடினாலும் வரம்பு உடைந்துவிடும். அதனால் விதிமுறை ±0.3 சதவீதம் அனுமதித்தாலும், கூடுதல் பக்கம் 0.1-க்கு மேல் போகவிட வேண்டாம் என்பது என் பரிந்துரை.

நீர்த்தாக்கம்

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. இந்தச் சோதனையை இரண்டாம்பட்சமாக எண்ண முடியாது. சுண்ணாம்பு சேர்க்காமல் செய்த முதல் தொகுதியில் இழுவிசை விகிதம் 74 சதவீதம்; தேவை 80. உடைந்த மாதிரியின் முகத்தைப் பார்த்தால் பெரிய கற்கள் பலவற்றில் தார் உரிந்து சாம்பல் நிறக் கல் தெரிந்தது. கல்தூளில் 2 சதவீதத்தைக் குறைத்து அந்த அளவு சுண்ணாம்பு சேர்த்ததும் விகிதம் 86-க்கு ஏறியது, உடைந்த முகமும் கருப்பாகவே இருந்தது. மேலே உள்ள மார்ஷல் முடிவுகள் எல்லாம் சுண்ணாம்பு சேர்த்த கலவைக்கு உரியவை. செலவைக் காட்டி இதை விடக்கூடாது.

ஆலைச் சோதனை ஓட்டம்

5.5 சதவீதம் நிர்ணயித்து ஓட்டியதில் பிரித்தெடுத்த தார் 5.44, காற்று இடைவெளி 4.3 சதவீதம், ஸ்டெபிலிட்டி 13.1 கிலோநியூட்டன், ஃப்ளோ 3.0 மி.மீ. ஆய்வகக் கலவையோடு ஒத்துப்போகிறது. ஆனால் திறந்தவெளியில் கிடந்த கல்தூள் நனைந்திருந்ததால் முதல் சில பேட்ச்களின் வெப்பநிலை 140 டிகிரிக்குக் கீழே வந்தது, அவற்றை ஒதுக்கிவிட்டோம். கல்தூள் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடிய பிறகே உற்பத்தி தொடங்க வேண்டும்.

பரிந்துரை

தார் 5.5 சதவீதம், சுண்ணாம்பு 2 சதவீதம் கொண்ட இக்கலவையை ஜாப் மிக்ஸ் ஃபார்முலாவாக ஏற்கலாம். ஆலையிலிருந்து வெளியேறும்போது 150–165 டிகிரி, பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி இருக்க வேண்டும். கலவை 90 டிகிரிக்கு ஆறுவதற்குள் ரோலர் வேலை முடிந்தாக வேண்டும். 30 மி.மீ. கனம் சீக்கிரம் ஆறிவிடும், அதிலும் கடற்காற்று வீசும் குளச்சல் பகுதியில் ரோலர் பேவரை ஒட்டியே நகர வேண்டும். குவாரியோ தார் வகையோ மாறினால் இந்த ஃபார்முலா செல்லாது. புதிதாக வடிவமைப்புச் சோதனை செய்ய வேண்டும்.

தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்