சுத்தியல் படத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?

அன்புள்ள பெரியப்பா,

நீங்கள் அனுப்பிய படத்தில் காவல்துறையின் மஞ்சள் நாடாவுக்குள், தடயம் போல எண் அட்டையுடன் ஒரு சுத்தியல் கிடக்கிறது. கீழே "நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்" என்று எழுதியிருக்கிறது. இறந்தது யார் என்று கேட்டிருந்தீர்கள். யாரும் இறக்கவில்லை.

நேசமணி என்பவர் 2001-இல் வெளிவந்த 'ப்ரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த கான்ட்ராக்டர். பழைய அரண்மனைக்கு வெள்ளையடிக்கும் வேலையில், உதவியாளர் கைதவறிவிட்ட சுத்தியல் அவர் தலையில் விழும். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதத்தில், முகநூலில் ஒருவர் சுத்தியல் படத்தைப் போட்டு, "உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன?" என்று கேட்க, ஒரு தமிழர் பெயரைச் சொன்னதோடு, இதனால்தான் நேசமணியின் மண்டை உடைந்தது என்றும் உண்மைச் செய்தி போலவே எழுதிவிட்டார். விவரம் அறியாத இன்னொருவர் அவர் நலமாக இருக்கிறாரா என்று அக்கறையோடு விசாரித்ததும், தமிழர்கள் திரண்டு பிரார்த்திக்கத் தொடங்கினார்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் வடிவேலுவின் முகமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வெறும் சுத்தியலைப் பார்த்ததும் அந்தக் காட்சி மனத்தில் ஓடுகிறதே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.