பச்சைத் தொட்டிக்குள் கவர் வேண்டாம்

[காட்சி: காலை ஆறே முக்கால். வேளச்சேரியில் ஒரு வீட்டுச் சமையலறை. சிங்க் அடியில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி. பக்கத்தில் மூடி போட்ட சிவப்பு டப்பா.]

வணக்கம். குப்பை வண்டி வர இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் எங்கள் வீட்டுத் தொட்டிகளைக் காட்டிவிடுகிறேன்.

பச்சை, மக்கும் குப்பைக்கு. காய்கறித் தோல், மீந்த சோறு, மீன் முள், காபிச் சக்கை, சாமி படத்திலிருந்து எடுத்த வாடிய பூ. நீலம், காய்ந்த குப்பைக்கு. பால் கவர், பாட்டில், ஷாம்பு பாக்கெட், அட்டைப்பெட்டி. அட்டை மக்கும்தானே என்று கேட்பீர்கள். மக்கும்தான். ஆனால் ஈரம் படாமல் இருந்தால் அதை மறுபடியும் காகிதமாக்கலாம், அதனால் நீலம். சிவப்பு டப்பாவில் பேட்டரி, பியூஸ் போன பல்பு, காலாவதியான மாத்திரை. நாப்கினையும் டயபரையும் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள்.

[காட்சி: முடிச்சுப் போட்ட கேரி பேக் ஒன்று பச்சைத் தொட்டிக்குள் விழுகிறது. படம் அப்படியே நிற்கிறது.]

இதுதான் தப்பு. நானும் பல வருடம் செய்திருக்கிறேன். தொட்டி அழுக்காகக் கூடாது என்று சாப்பாட்டுக் குப்பையை கவரில் கட்டி, அப்படியே பச்சையில் போட்டுவிடுவோம். பிரித்துவிட்டோம் என்ற நிம்மதி வேறு.

அந்த முடிச்சை யாராவது ஒருவர் அவிழ்த்தாக வேண்டும். வண்டியில் வரும் அக்கா எங்கள் வாசலில் நின்று கையால் கிழித்துக் கொட்டினார். புளித்த சாம்பார் அவர் முழங்கை வரை வழிந்தது. உள்ளே ஒரு பிளேடு கிடந்திருந்தால்? அவிழ்க்காமல் விட்டால் கவரோடு குப்பை மேட்டுக்குத்தான் போகும். அங்கே காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் வாயு உண்டாகும். அது எளிதில் தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

[காட்சி: பச்சைத் தொட்டியின் அடியில் பழைய செய்தித்தாள் விரிக்கும் கை.]

கவருக்குப் பதில் தொட்டியின் அடியில் இரண்டு தாள் விரியுங்கள். ஈரத்தை இழுத்துக்கொள்ளும், குப்பையோடு சேர்ந்து மக்கியும் போகும்.

[காட்சி: பால் பாக்கெட்டின் முனை வெட்டப்படுகிறது. துண்டு கவரிலேயே தொங்குகிறது.]

அப்புறம், தினமும் ஒரே ஒரு பழக்கம். காலையில் பால் கவரை வெட்டும்போது முனையைத் துண்டாக்கிவிடாதீர்கள். அந்தக் குட்டித் துண்டு சிங்க் வழியாகச் சாக்கடைக்குப் போய்விடும், யாராலும் பொறுக்க முடியாது. பாலை ஊற்றியதும் கவரில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு ஒரு குலுக்கு. அந்தத் தண்ணீரைப் பாலிலேயே ஊற்றிக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடிக்கு. கவரை ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு மாட்டுங்கள். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். நாற்றம் இருக்காது, எறும்பு வராது, பழைய பேப்பர் கடையிலும் எடுத்துக்கொள்வார்கள்.

[காட்சி: வெளியே விசில் சத்தம். இரண்டு கையிலும் தொட்டியோடு வாசலுக்குப் போகிறார்.]

வண்டி வந்துவிட்டது. அக்கா, இன்றைக்குக் கவர் இல்லை, அப்படியே கொட்டிக்கலாம்!