வாசலுக்கு வெளியே நிற்கிற அண்ணன்

(லெந்து காலம் நான்காம் வாரம், கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் கொடுத்த செய்தி. வேதபகுதி: லூக்கா 15:11-32)

அன்பான அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

இப்போது வாசித்த பகுதியை, தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, பன்றி மேய்த்து, திரும்பி வந்த தம்பியை அப்பா விருந்து வைத்து ஏற்றுக்கொண்ட கதையை, நம்மில் பாதிப் பேர் சண்டே ஸ்கூலில் நடித்திருப்போம். பன்றி வேஷத்துக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். அண்ணன் வேஷத்துக்கு மட்டும் ஆள் கிடைக்காது. "கடைசியில் வந்து கோபமாக ரெண்டு வசனம் சொல்லு, போதும்" என்று உயரமான ஒரு பையனைப் பிடித்து நிறுத்துவார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் ஜனங்கள் கைதட்டிவிடுவார்கள், ஏனென்றால் தம்பியை அப்பா கட்டிப்பிடித்தாயிற்று, கதை முடிந்தது. இன்றைக்கு அந்த உயரமான பையனைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்தக் கதை யாருக்குச் சொல்லப்பட்டது என்று அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே இருக்கிறது. ஆயக்காரரும் பாவிகளும் இயேசுவிடம் வந்து சேர்கிறார்கள். பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுக்கிறார்கள். என்ன புகார்? "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்." சாப்பாட்டுப் பந்திதான் பிரச்சினை. அதற்குப் பதிலாக மூன்று கதைகள். நூறு ஆடுகளில் ஒன்று, பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்று, இரண்டு பிள்ளைகளில் ஒருவன். முதல் இரண்டிலும் தொலைந்ததை ஒருவர் தேடிப்போகிறார், கண்டுபிடிக்கிறார், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறார். மூன்றாவதில் யாரும் தேடிப்போகவில்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் வீட்டில் இன்னொரு ஆள் இருந்தாரே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இயேசு அதைச் சொல்லவில்லை, அதனால் நானும் அதற்குமேல் போகவில்லை.

சொத்து விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உபாகமம் 21:17-ன்படி மூத்தவனுக்கு இரண்டு பங்கு. இரண்டே பிள்ளைகள் என்றால் சொத்து மூன்றாகும், அதில் இளையவனுக்கு ஒன்று. தம்பி கேட்டது தன் பங்கைத்தான். ஆனால் 12-ம் வசனத்தைப் பாருங்கள்: அப்பா "அவர்களுக்கு" ஆஸ்தியைப் பங்கிட்டுக்கொடுத்தார். இரண்டு பேருக்கும்! "அப்பா உயிரோடு இருக்கும்போதே இது என்னடா பேச்சு" என்று அண்ணன் தம்பியை அதட்டியதாகவும் இல்லை, "எனக்கு வேண்டாம்பா" என்று சொன்னதாகவும் இல்லை. அப்பா பேரில் இருக்கிற வீட்டையோ இபிஎஃப் பணத்தையோ பற்றிப் பேச்சு எழும்போது சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையையும் நாம் பார்த்திருக்கிறோம். சத்தம் போடுகிறவனைத்தான் ஊர் பேசும்.

சரி, இப்போது கணக்கை அண்ணன் பக்கத்திலிருந்து பாருங்கள். தம்பியின் பங்கு தூரதேசத்தில் கரைந்துவிட்டது. வீட்டில் மிச்சம் இருப்பதெல்லாம் ஒருநாள் அண்ணனுக்கு வரவேண்டியது. அப்படியானால் அடித்த கன்று யாருடையது? உடுத்திய உயர்ந்த வஸ்திரம், விரலில் போட்ட மோதிரம், காலில் மாட்டிய பாதரட்சை? அப்பாவுக்கு எடுத்துக்கொடுக்க உரிமை உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் விருந்துச் செலவு யார் தலையில் விடிகிறது என்று அண்ணனுக்குத் தெரியும். அவருடைய கோபத்தைப் பொறாமை என்ற ஒரே சொல்லில் அடைக்கிற பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது போதவில்லை.

இன்னொன்று. தம்பி தூரத்தில் வரும்போதே அப்பா கண்டார், ஓடினார். வயலில் இருந்த மூத்தவனுக்கு ஆள் அனுப்பினார்களா? இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் பக்கத்தில் வரும்போது பாட்டும் நடனமும் காதில் விழுகிறது. தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊழியக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை. நம் வீடுகளில் இது நடக்காததா? வாரத்தில் மூன்று நாள் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறவர் அக்கா. மருந்துச் சீட்டு, கார் பார்க்கிங், முதலாளியிடம் லீவுக்குக் கெஞ்சல், எல்லாம் அவர். சிங்கப்பூரிலிருந்து தம்பி வருகிறான் என்றதும் அம்மா கம்பத்துக் கோழி வாங்கிவரச் சொல்வார். வாங்கப்போவதும் அக்காதான். அந்தக் கோழி குழம்பாகி மேஜைக்கு வரும்போது அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வராவிட்டால், அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் அண்ணன் பேசுவதைக் கவனியுங்கள். தம்பி பங்கு கேட்டபோதுகூட "தகப்பனே" என்றுதான் ஆரம்பித்தான். அண்ணன் ஆரம்பிப்பது "இதோ". இத்தனை வருஷம் ஊழியம் செய்தேன், ஒரு கட்டளையையும் மீறவில்லை, ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லை. வருஷக்கணக்கில் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் ஒரே மூச்சில் வெளியே வருகிறது. அப்புறம் வேசிகளைப் பற்றிய அந்த வசனம். கதை சொன்னவர் "துன்மார்க்கமாய் ஜீவனம்பண்ணி" என்றுதான் சொன்னார். வேசிகள் எங்கிருந்து வந்தார்கள்? அண்ணன் தூரதேசத்துக்குப் போகவுமில்லை, தம்பியிடம் பேசவுமில்லை. வயலில் தனியாக வேலை செய்துகொண்டே மனசில் அந்தப் படத்தை ஓட்டிப் பார்த்திருக்கிறார்போல. நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் இப்படித்தான், பார்க்காதவர்களிடம்தான் விவரம் அதிகம் இருக்கும்.

அப்பா என்ன செய்தார்? விருந்தாளிகளை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்தார். ஒரே நாளில் இரண்டாவது தடவை. "அவனை வருந்தியழைத்தான்" என்று இருக்கிறது. ஆட்டுக்குட்டி கொடுக்கவில்லை என்ற புகாரை அவர் மறுக்கவே இல்லை. "மகனே" என்கிறார். "நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது." சொத்து பற்றிய பயமும் அதிலேயே தீர்கிறது: உன் பங்கில் யாரும் கை வைக்கப்போவதில்லை. அண்ணன் "உம்முடைய குமாரனாகிய இவன்" என்று தள்ளிவைத்த ஆளை, "உன் சகோதரனாகிய இவன்" என்று அவர் திரும்ப அண்ணனுடைய கையிலேயே கொடுக்கிறார்.

அதோடு முடிந்தது. 32-ம் வசனத்துக்கு அப்புறம் 16-ம் அதிகாரம், வேறு கதை.

உள்ளே போனாரா என்ற கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். அதைவிடப் பெரிதாக எனக்குப் படுகிறது ஒன்று: இந்த இரண்டு சகோதரர்களும் கதையில் சந்திக்கவே இல்லை. 11-ம் வசனத்திலிருந்து 32-ம் வசனம் வரை ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி தயார்செய்து வந்த மன்னிப்பில் பரலோகம் இருக்கிறது, அப்பா இருக்கிறார். அண்ணன் இல்லை. அப்பா மன்னித்துவிட்டார், நல்லது. மறுநாள் காலையில் வயலுக்கு யார் போவது? அந்த மோதிரத்துக்கு வீட்டில் எவ்வளவு அதிகாரம்? அப்பா கண்ணை மூடிய பிறகு தம்பி யார் வீட்டில் இருப்பான்? பங்கு தீர்ந்துபோனவன் அண்ணன் தயவில்தான் இருக்க வேண்டும். கதை இதையெல்லாம் தொடவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த வேதபாரகருக்கு வேறு அண்ணன் தம்பிகள் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். காயீன் மூத்தவன். கோபமாக இருந்தபோது கர்த்தரே வந்து, "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?" என்று பேசிப் பார்த்தார். காயீன் பதில் சொன்னதாக இல்லை. அடுத்து வருவது வயல்வெளி. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

ஏசாவும் மூத்தவன்தான். அவனுக்கோ நம் அண்ணனைவிடப் பெரிய நியாயம் இருந்தது, தம்பி ஆசீர்வாதத்தையே ஏமாற்றி வாங்கிக்கொண்டு ஓடியவன். வருஷங்கள் கழித்து யாக்கோபு திரும்பி வருகிறான், நானூறு பேரோடு ஏசா எதிரே வருகிறான். ஆதியாகமம் 33:4: எதிர்கொண்டு ஓடிவந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முத்தஞ்செய்தான். லூக்கா 15:20-ல் அப்பா செய்வதும் இதேதான், ஓட்டம், கழுத்து, முத்தம். ஒருகாலத்தில் ஒரு அண்ணன் செய்த வேலையை இங்கே அப்பா செய்கிறார். அந்த இடம் அண்ணனுக்காகவே காலியாக இருக்கிறதோ என்று நினைக்கிறேன்.

யோனாவின் புத்தகமும் இப்படித்தான் நிற்கும். நினிவே தப்பித்ததில் கோபப்பட்டு நகரத்துக்கு வெளியே போய் உட்கார்ந்திருக்கிற தீர்க்கதரிசி, இலட்சத்து இருபதினாயிரம் பேருக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று கேட்கிற கர்த்தர். பதில் எழுதப்படவில்லை.

இயேசு முடிக்காமல் விட்டதற்குக் காரணம் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. முறுமுறுத்தவர்களை அவர் தள்ளிவிடவும் இல்லை. முந்தின அதிகாரத்தைப் பாருங்கள், ஒரு பரிசேயத் தலைவர் வீட்டில் ஓய்வுநாளில் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு பந்தியிலும் உட்கார்ந்தவர் அவர். பரிசேயர் பிறகு என்ன செய்தார்கள் என்று இதே லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு சின்னத் தடயம் இருக்கிறது. 15:5-ல் விசுவாசிகளான பரிசேயர் சிலர் வருகிறார்கள். ஆக, சிலர் உள்ளே போய்விட்டார்கள்! போனவர்கள் சும்மா இருந்தார்களா? புறஜாதியிலிருந்து வந்தவர்களுக்கு விருத்தசேதனம் பண்ணியே ஆகவேண்டும் என்று அங்கேயும் எழுந்து நின்றார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன்மார் உள்ளே வந்த பிறகும் அண்ணன்மாராகத்தான் இருப்பார்கள்.

நான் இந்த அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுபோய் முடிக்கப்போவதில்லை. கர்த்தர் விட்ட இடத்தில் விட்டுவிடுகிறேன். ஒரு விஷயம் மட்டும் நம் பேச்சுக்கு வைக்கிறேன். வெளியே வந்தது அப்பா ஒருவர்தான். உள்ளே புது வஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்த தம்பிக்கு, அண்ணன் வெளியே நிற்பது தெரிந்ததா? தெரிந்திருந்தால் அவன் எழுந்து போனானா? அதைப் பற்றியும் வேதம் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, டீ ஆறுவதற்குள் நீங்கள் பேசுங்கள். வீட்டில் இளையவர்களாகப் பிறந்தவர்கள் முதலில் ஆரம்பிக்கட்டும். அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் எப்படியும் இடம் கிடைத்துவிடும்.