பொருள்: எம்.ஏ. தமிழ் சேர்க்கை 2025–26, விண்ணப்ப எண் 250417 – சாதிச் சான்றிதழ் பதிவேற்ற ஜூன் 30 வரை அவகாசம் கேட்டு

பெறுநர்: முதுகலைச் சேர்க்கைப் பிரிவு
நாள்: 17.06.2025, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் பெயர் ம. தேன்மொழி. தங்கள் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழ் படிக்க பி.சி. பிரிவில் விண்ணப்பித்திருக்கிறேன். விண்ணப்பக் கட்டணம் செலுத்தியாகிவிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், இளங்கலையின் ஆறு பருவ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், புகைப்படம் எல்லாவற்றையும் பதிவேற்றிவிட்டேன். மின்சான்றிதழாகக் கேட்கப்பட்டிருக்கும் சாதிச் சான்றிதழ் மட்டும் பாக்கி. பதிவேற்றக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை, ஜூன் 20. அதற்குள் அது என் கைக்கு வருமா என்பது சந்தேகமாக இருப்பதால், நாள் முடிந்த பிறகு வந்து நிற்காமல் இப்போதே எழுதுகிறேன். நேற்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்துப் பேசிய அம்மா, விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் மேலே வைப்பதாகச் சொன்னார்கள்.

என்னிடம் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேரும்போது அப்பா வாங்கி வைத்த பழைய நிரந்தர அட்டை அது. கையால் எழுதி, முத்திரை வைத்து, லேமினேஷன் செய்தது. 2022-இல் இளங்கலையில் சேர்ந்தபோது இந்த அட்டையைத்தான் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். இந்த ஆண்டு தங்கள் விளக்கக் குறிப்பேட்டில் கியூஆர் குறியீடும் மின்கையொப்பமும் உள்ள சான்றிதழ் வேண்டும் என்று இருக்கிறது. பதிவேற்றும் பக்கத்திலும் மின்சான்றிதழ் எண்ணைக் கேட்கும் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. அட்டையில் இருக்கும் எண்ணைப் போட்டால் ஏற்கவில்லை.

குறிப்பேடு மே 28-ஆம் தேதி வெளியானது. ஜூன் 2, திங்கட்கிழமை காலையிலேயே இ-சேவை மையத்தில் புதிய சான்றிதழுக்கு விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டேன். எங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலர் மாறுதலாகிப் போய்விட்டதால் பக்கத்து ஊர் அலுவலர்தான் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அவரை நேரில் பார்த்து, அப்பாவின் சாதிச் சான்றிதழையும் என் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் காட்டினேன். அவர் பரிந்துரை செய்து அனுப்பிவிட்டார். இப்போது விண்ணப்பம் வருவாய் ஆய்வாளரிடம் இருக்கிறது. அவர் பார்த்து அனுப்பிய பிறகு மண்டலத் துணை வட்டாட்சியர் கையொப்பமிட வேண்டும்.

தாமதத்துக்குக் காரணம், எங்கள் வட்டத்தில் இப்போது ஜமாபந்தி நடக்கிறது. 1434-ஆம் பசலிக் கணக்குகளைத் தணிக்கைக்கு வைக்க, ஒவ்வொரு பிர்க்காவாக கிராம நிர்வாக அலுவலர்களும் ஆய்வாளர்களும் கணக்குக் கட்டுகளோடு வட்டாட்சியர் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். கூடவே பட்டா மாறுதல், உதவித்தொகை என்று மனு கொடுக்க வருகிறவர்களின் கூட்டம். நான் போனபோது ஆய்வாளரின் மேசையே தெரியவில்லை; அ-பதிவேடும் அடங்கலும் அடுக்கி வைத்திருந்தார்கள். யாரும் வேண்டுமென்று நிறுத்தி வைக்கவில்லை, வருடா வருடம் இந்த மாதத்தில் இப்படித்தான். ஜமாபந்தி ஜூன் 19, வியாழக்கிழமை முடிகிறது, அதற்குப் பிறகு வரிசைப்படி பார்ப்பதாக ஆய்வாளர் சொன்னார். வெள்ளிக்கிழமையே கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆனால் இரண்டு பேருடைய ஒப்புதல் பாக்கி இருக்கும்போது அதை நம்பி உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை.

ஆகவே, மின்சான்றிதழைச் சமர்ப்பிக்க எனக்கு ஜூன் 30, திங்கட்கிழமை மாலை வரை அவகாசம் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குறிப்பேட்டின்படி தரவரிசைப் பட்டியல் ஜூலை 4-ஆம் தேதிதான் வெளியாகிறது. அதற்குள் என் சான்றிதழைச் சரிபார்க்கத் தங்களுக்குச் சில வேலை நாட்களாவது இருக்க வேண்டும் என்று யோசித்துத்தான் இந்தத் தேதியைக் கேட்கிறேன். அதற்கு மேல் கேட்க மாட்டேன். சான்றிதழ் முன்னதாகவே வந்துவிட்டால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன்.

அதுவரை என் விண்ணப்பம் முழுமையற்றது என்று தானாகத் தள்ளுபடி ஆகிவிடக் கூடாதே என்பதுதான் இப்போதைய என் கவலை. அந்தக் கட்டத்தில் தற்காலிகமாக எதை நிரப்ப வேண்டும், அல்லது அலுவலகத்திலிருந்தே திறந்துவிடுவீர்களா என்பதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். ஏதாவது ஓர் எண்ணைப் போட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடு என்று சிலர் யோசனை சொன்னார்கள். தவறான விவரம் தர எனக்கு விருப்பமில்லை, அப்புறம் சரிபார்ப்பில் அதுவே பெரிய சிக்கலாகிவிடும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பதிவேற்றும் பக்கம் மூடிவிடும் என்றால், சான்றிதழை இதே மின்னஞ்சலுக்கு அனுப்பலாமா, நேரில் கொண்டுவர வேண்டுமா என்றும் சொல்லுங்கள். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன்.

ஒருவேளை இந்த அவகாசத்துக்கு விதிகளில் இடமில்லை என்றால், இன்னொரு வேண்டுகோள். என் விண்ணப்பத்தை அடியோடு நிராகரிக்காமல் பொதுப் பிரிவுத் தரவரிசையிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள். இளங்கலைத் தமிழில் 84 விழுக்காடு எடுத்திருக்கிறேன். பி.சி. பிரிவில் இடம் கிடைக்கும் என்று நம்பித்தான் விண்ணப்பித்தேன் என்றாலும், பட்டியலில் பெயரே இல்லாமல் போவதைவிட இது மேல். ஆனால் இதை என் முதல் கோரிக்கைக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவகாசம் கிடைக்காத நிலையில் மட்டுமே இது பொருந்தும்.

இந்த மின்னஞ்சலோடு ஐந்து பிடிஎஃப் கோப்புகள் இணைத்திருக்கிறேன். முதலாவது ஜூன் 2-ஆம் தேதியிட்ட இ-சேவை ஒப்புகைச் சீட்டு. அதிலுள்ள எண்ணைக் கொண்டு இணையத்தில் தாங்களே நிலவரம் பார்க்கலாம். இரண்டாவது, இன்று காலை நான் எடுத்த நிலவரப் பக்கத்தின் படம், விண்ணப்பம் வருவாய் ஆய்வாளரிடம் இருப்பது அதில் தெரியும். அடுத்து என் பழைய நிரந்தர அட்டையின் இரு பக்கங்களும். முத்திரை கொஞ்சம் மங்கியிருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்தால் அலுவலகப் பெயரும் தேதியும் படிக்க முடிகிறது. நான்காவது அப்பாவின் சாதிச் சான்றிதழ். கடைசியாக, ஜூன் 30-க்குள் மின்சான்றிதழைத் தராவிட்டால் பி.சி. பிரிவில் உரிமை கோர மாட்டேன் என்று நானும் அப்பாவும் கையொப்பமிட்டுத் தரும் உறுதிமொழிக் கடிதம். தங்களிடம் இதற்கென்று தனிப் படிவம் இருந்தால் அனுப்புங்கள், அதிலேயே எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புகிறேன். பழைய அட்டையின் அசலைக் கலந்தாய்வின்போது கொண்டுவருகிறேன்.

விண்ணப்பத்தில் கொடுத்திருக்கும் கைபேசி எண் அப்பாவுடையது. பகலில் அவர் மில்லில் இருப்பார், அங்கே போனை எடுக்க முடியாது. அதனால் பதிலை இந்த மின்னஞ்சலுக்கே அனுப்பினால் நல்லது. பேச வேண்டியிருந்தால் மாலை 6 மணிக்கு மேல் அந்த எண்ணில் நானே பேசுவேன்.

சேர்க்கைக் காலத்தின் நெருக்கடிக்கு நடுவே இதைப் படித்ததற்கு நன்றி. வியாழக்கிழமைக்குள் ஒரு வரி பதில் கிடைத்தால், வெள்ளிக்கிழமைக்கு முன் நான் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் செய்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ம. தேன்மொழி
விண்ணப்ப எண் 250417 (எம்.ஏ. தமிழ்)
ஈரோடு மாவட்டம்