சத்தம் வாங்குபவர்: ஓவியருக்கான படக்குறிப்புகள்

தம்பிக்கு,

கதையின் கடைசிப் பிரதி கையில் இருக்கும். பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பல்லும் நகமுமாக ஒரு பேய்ப்படத்தை என் பேத்தியிடம் காட்டினேன். "இது காமெடியா பாட்டி?" என்றாள். அதே பிள்ளை, மாடிப்படியில் யாருடையது என்று தெரியாத ஒற்றைச் செருப்பு கிடந்ததற்கு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நமக்கு வேண்டியது அந்தச் செருப்புதான். ரத்தம், எலும்பு, கோரைப்பல் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு விஷயம் தப்பாக இருக்கட்டும். அதுவும் நடுவில் வேண்டாம், ஓரமாக.

நிறம்: கரி, பனிமூட்டச் சாம்பல், காய்ந்த காபித் தோலின் பழுப்பு, கறுப்பாகப் போகிற பாசிப் பச்சை. இந்த நான்குதான். பழுத்த காபிப் பழத்தின் சிவப்பு மூன்று படங்களில் மட்டும் வரும்: 2, 6, 8. ஏற்காடு என்றதும் எல்லாரும் பனியை வெள்ளையாக விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள், பனிக்கு மெல்லிய சாம்பல் பூசுங்கள். கடைசிப் படம் வரும்வரை வெறும் காகித வெள்ளை இரண்டு இடத்துக்கு மட்டும்: பொன்னியின் கொலுசு, சத்தம் வாங்குபவரின் காலணியில் ஒட்டிய தூசி. சேலம் அடிவாரத்தில் மேக்னசைட் வெட்டுகிற இடத்து வெள்ளைக்கல் தூசி அது. அவர் எங்கிருந்து மலை ஏறி வருகிறார் என்று கதையில் ஒரு வரிகூட இல்லை. கூர்ந்து பார்க்கிற பிள்ளை கண்டுபிடிக்கட்டும்.

அட்டை: மலைப்பாதையை மேலிருந்து பார்க்கிறோம். அந்தி. வளைவில் குடையோடு ஓர் ஆள், கட்டைவிரல் அளவுதான், முதுகு மட்டும். பக்கத்தில் வளைவின் எண் எழுதிய பலகை. சேலத்திலிருந்து ஏறுகிற பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. பலகையில் 21 என்று எழுதுங்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இது புரியாது, பரவாயில்லை. நம்ம ஊர்ப் பிள்ளை ஒன்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடும்.

1. எஸ்டேட் லயன் வீடுகள், மார்கழிக் காலை. சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபிச் செடிகள். வாசலில் நாய் வாயை முழுக்கத் திறந்து குரைக்கிறது. அதற்கு இரண்டடியில் கோழிகள் நிம்மதியாக மேய்கின்றன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாயின் நாக்கு சாம்பல் நிறம்.

2. காபிக் களம். பறித்த பழங்களைப் பரப்பிக் கிளறுகிறார்கள். முதல் சிவப்பு இங்கே, தாராளமாக. பழக் குவியலின் உச்சியில் மடக்கிய கறுப்புக் குடை ஒன்று செங்குத்தாக நிற்கிறது. அதைச் சுற்றி மட்டும் யாரும் கிளறவில்லை.

3. திண்ணை. பொன்னியின் அப்பத்தாவும் சத்தம் வாங்குபவரும். அவர் ரொம்ப மரியாதையான ஆள், திண்ணை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருக்கும். முகம் தெரியக் கூடாது, டம்ளரின் ஆவி மறைக்கிறது. அப்பத்தாவின் டம்ளரிலிருந்து ஆவி நேராக மேலே போகிறது. அவருடையது மட்டும் வளைந்து அவரை நோக்கிப் போகிறது. ஆவியை இழுத்துக் குடிப்பது போலக் காட்ட வேண்டாம், அது மிகையாகிவிடும். லேசான வளைவு போதும்.

4. பேரம் முடிந்து அவர் கிளம்புகிறார். தோளில் சாக்கு. சாக்கு தட்டையாக, காலியாக இருக்கிறது. ஆனால் அதன் கயிறு தோளில் ஆழமாகப் பதிந்திருக்கிறது, நடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வெள்ளைத் தூசி படிந்த காலணி இங்கேதான் முதலில் தெரிய வேண்டும்.

5. கொலுசு, முழுப் பக்கம். புத்தகத்தின் உயிர் இந்தப் படம்தான், மற்றவற்றை விட்டுவிட்டு முதலில் இதை வரைந்தாலும் சரி. இணையத்துப் படத்தைப் பார்த்து வரையாதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறைக்கு நானே கூட்டிப் போகிறேன். சங்கிலிக் கண்ணி எப்படிக் கோத்திருக்கிறது, திருகாணி எங்கே உட்காருகிறது, சலங்கை மணியின் அடியில் இருக்கிற கீறல் எவ்வளவு மெல்லியது என்று கையில் வைத்துப் பாருங்கள். அந்தக் கீறல் வழியாகத்தான் சத்தம் வெளியே வருகிறது. நம் கொலுசில் எல்லாக் கீறலும் மூடியிருக்கும். ஈயம் வைத்து அடைத்தது போல இல்லை, தூங்குகிற கண் இமை மூடுவது போல. ஒன்று மட்டும் முழுதாக மூடவில்லை.

6. ஏரிக்கரை, இரவு. பொன்னி அப்பத்தாவைக் கூப்பிடுகிறாள், கைகள் வாயருகே குவிந்திருக்கின்றன. தண்ணீரில் தெரியும் பிம்பத்தில் வாய் மூடியிருக்கிறது. ரிப்பன் மட்டும் சிவப்பு. பெடல் படகு, மின்விளக்கு, சுற்றுலாக் கடை எதுவும் வேண்டாம்.

7. குகை. இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே சேர்வராயன் கோயிலும் குகைதான். மலைச் சனங்கள் கும்பிடுகிற சாமி இருக்கிற இடம் அது, அதைப் பயத்துக்கான மேடையாக்கக் கூடாது. வேல், மணி, விளக்கு, மஞ்சள் துணி எதுவும் படத்தில் வரக் கூடாது, வாசலின் வடிவமும் ஒத்துப்போகக் கூடாது. நம் குகை வெறும் பாறைப் பிளவு. கூரையிலிருந்து சின்னச் சின்ன மூட்டைகள் வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. சீட்டில் எழுத்து வேண்டாம். நாயின் பாதத்தடம், ஆட்டுரல், தொட்டில் என்று கோட்டுச் சித்திரம் போதும். தொட்டிலைக் கடைசி வரிசையில், பாதி இருட்டில் வையுங்கள்.

8. மூட்டைகள் அவிழ்கின்றன. வெளிச்சம், மந்திரப் பொடி எதுவும் பறக்கக் கூடாது. லயன் வாசல் மறுபடியும், முதல் படத்தின் அதே கோணம். இப்போது கோழிகள் சிதறி ஓடுகின்றன, ஜன்னல்களில் தலைகள். நாயின் நாக்கு சிவப்பு. அவ்வளவுதான்.

9. கடைசிப் படம், இரண்டு பக்கம் விரித்து. கோடையின் முதல் மழை பெய்து காபி பூத்திருக்கிறது. பூ சில நாள்தான் நிற்கும், மல்லிகை மாதிரி மணக்கும். அதுவரை பதுக்கிய வெள்ளையை எல்லாம் இங்கே கொட்டிவிடுங்கள், மலைச் சரிவு முழுக்க. பொன்னியும் அப்பத்தாவும் நடந்து போகிறார்கள். வலது கீழ் மூலையில், ஈரமான தார்ச் சாலையில், கீழ்நோக்கி இறங்கும் இரண்டு வெள்ளைக் காலடித்தடம். படிப்பவர் முதல் தடவை அதையும் உதிர்ந்த பூ என்றுதான் நினைக்க வேண்டும்.

பக்க அளவு 21 × 28 செ.மீ., சுற்றிலும் 3 மி.மீ. வெட்டுக்கு விடுங்கள். 300 டிபிஐ. ஒன்பதாம் படத்தில் தையல் மடிப்பு இரண்டு பேருக்கும் நடுவே விழட்டும், முகத்தில் விழக் கூடாது. கறுப்பை முழுக் கறுப்பாக வைத்தால் இந்தத் தாளில் மை ஊறிவிடும். போன புத்தகத்தில் அச்சகத்தார் சொல்லாமல் விட்டு, ஒரு மரம் முழுக்கக் கரும்பிசினாகிப் போனது.

முதலில் 3, 5, 9 மூன்றுக்கும் பென்சில் வரைவு மட்டும் அனுப்புங்கள். அவருக்கு முகம் என்று மனதில் ஒன்று வந்தால் தனியாக வரைந்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் காட்ட வேண்டாம்.