லட்சுமிக்காக ஒரு விடுப்புக் கடிதம்

அனுப்புநர்:
மு. கதிரவன், ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு

பெறுநர்:
உயர்திரு தலைமையாசிரியர் ஐயா அவர்கள்

பொருள்: 14.02.2025 அன்று ஒரு நாள் விடுப்பு வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்குக் காய்ச்சல் இல்லை. என் பாட்டியும் நலமாக இருக்கிறார். அவரை இனி எந்தக் கடிதத்திலும் சாகடிப்பதில்லை என்று சென்ற ஆண்டே தங்கள் அறையில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் பசு லட்சுமிக்குச் சினை ஊசி போட்டது 2024 மே 10. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். கூட்டிப் பார்த்தால் நாளை வருகிறது. (கணக்கு ஆசிரியர் இந்த விடையைச் சரிபார்க்கலாம். அவருடைய தேர்வும் நாளைதான் என்பது லட்சுமிக்குத் தெரியாது.) மடி பருத்துவிட்டது. நேற்று இரவு முழுவதும் படுப்பதும் எழுவதுமாக இருந்தது. அப்பா கிட்டே போனால் கொம்பை ஆட்டுகிறது; நான் போனால் கையை நக்குகிறது. வகுப்பில்கூட என்னை யாரும் இப்படி மதித்ததில்லை, ஐயா.

நஞ்சுக்கொடி விழும்வரை நாய் நெருங்காமல் காவல் இருப்பதும், பிறகு அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவதும் என் பொறுப்பு. ஆகவே ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தேர்வைத் திங்கட்கிழமை எழுதிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்,
மு. கதிரவன்
13.02.2025

பின்குறிப்பு: சீம்பால் கொண்டுவருவேன். விடுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. அனுமதி மறுத்தாலும் கொண்டுவருவேன். அளவு மட்டும் சற்றுக் குறையலாம்.